முகவரியைப் புள்ளியாக்கும் வேலை: சேலம், நாமக்கல் டெலிவரிக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு கூரியர் ஹப்பிலோ, கோழித்தீவன நிறுவனத்திலோ டிஸ்பாட்ச் வேலையில் சேர்ந்தால், சீக்கிரமே ஓர் எக்செல் ஃபைல் உங்கள் கைக்கு வரும். வாடிக்கையாளர் முகவரிகள் அதில் வரிசையாக இருக்கும். அவற்றை வரைபடத்தில் ஏற்றி, வண்டிக்கு ரூட் போட வேண்டும். முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும் இந்த வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர்.

மென்பொருள் தன் பங்கைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். உங்கள் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிடைக்காத முகவரி பிரச்சினையே இல்லை, அது காலியாகக் கண்ணில் படும். கிடைத்துவிட்டதுபோல் தோன்றும் தவறான புள்ளிதான் டீசலைத் தின்னும். அதைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

ஒரே முகவரி, நான்கு சிக்கல்

எடுத்துக்காட்டுக்காக அமைத்த இந்த முகவரியைப் பாருங்கள்:

```
4/87, New No 4/112, Mettukadu, Opp Mariamman Kovil,
Velur Tk, Vellore 638182
```

கதவு எண் இரண்டு இருக்கிறது, பழையது ஒன்று, புதியது ஒன்று. கிராமத்துக் கதவு எண்கள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதால் இரண்டுமே தேடலுக்கு உதவாது. டெலிவரி பையன் வாசலில் நின்று சரிபார்க்க மட்டும் உதவும். அடுத்து மேட்டுக்காடு. நம் பக்கம் காடு, வளவு, தோட்டம் என்று முடியும் குடியிருப்புப் பெயர்கள் ஊருக்கு ஊர் திரும்ப வரும். மாரியம்மன் கோயிலும் அப்படித்தான்.

மூன்றாவது சிக்கல் பெரியது. காவிரிக் கரையில் இருக்கும் பரமத்தி வேலூரையும், வடக்கே இருக்கும் வேலூர் மாநகரையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஏற்றுகிறவர் Velur என்பதை Vellore என்று அடித்துவிட்டால், புள்ளி நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும்.

இங்கே காப்பாற்றுவது பின்கோடு. 638182 பரமத்தி வேலூருடையது. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது, அதுதான் நான்காவது சிக்கல். “நாமக்கல் மாவட்டம் என்றால் 637” என்று விதி எழுதிவைத்தால், சரியான இந்தப் பின்கோடே தவறு என்று ஒதுங்கிவிடும். குமாரபாளையமும் நாமக்கல் மாவட்டம்தான், அதன் பின்கோடு 638183. மறுபக்கம், சேலம் மாவட்டத்து எடப்பாடிக்கு 637101, சங்ககிரிக்கு 637301. தருமபுரி நகரம் 636701. அஞ்சல் பிரிவும் வருவாய் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. போதாததற்கு, நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய லெட்ஜர்களில் இன்னமும் “சேலம் மாவட்டம்” என்றே இருக்கும்.

ஆகவே மாவட்டப் பெயரை வைத்து எதையும் தள்ளாதீர்கள். அரசின் data.gov.in தளத்தில் அஞ்சல் துறையின் பின்கோடு பட்டியல் கிடைக்கிறது. உங்கள் டெலிவரி எல்லைக்குள் வரும் பின்கோடுகளை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுத்து, எந்தப் பின்கோட்டில் எந்தெந்த அஞ்சலகம், எந்த மாவட்டம் என்று ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதெல்லாம் அதோடுதான்.

தேடும் முறை

வாடிக்கையாளர் கொடுத்த முகவரி இருக்கும் பத்தியைத் தொடவே கூடாது. பக்கத்தில் புதுப்பத்தி போட்டு அதில்தான் திருத்த வேண்டும். Tiruchengode, Thiruchengodu, T.Gode எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டுக்குக் கொண்டுவாருங்கள். எதிரில், அருகில் போன்ற அடையாளக் குறிப்புகளைத் தனிப் பத்திக்கு மாற்றுங்கள். ஓட்டுநருக்கு அவை வேண்டும், தேடலுக்கு வேண்டாம்.

பிறகு தேடலுக்கு எல்லை கட்டுங்கள். இல்லாவிட்டால் வெறும் Salem என்ற பெயர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகருக்குக்கூடப் போய்விடும். கூகுள் ஜியோகோடிங்கில் இப்படிக் கேட்கலாம்:

```
components=country:IN|postal_code:638182
```

முழு முகவரிக்குப் பதில் வராவிட்டால் கதவு எண்ணை நீக்கிக் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் ஊரும் பின்கோடும். கடைசியாகப் பின்கோடு மட்டும். எந்தப் படியில் விடை கிடைத்தது என்பதைத் தவறாமல் ஒரு பத்தியில் எழுதுங்கள். இந்தப் பத்தி இல்லாத ஷீட்டை நம்பி ரூட் போட முடியாது.

கூகுள் தரும் விடையிலேயே `location_type` என்று ஒரு குறிப்பு வரும். `ROOFTOP` என்றால் அந்த முகவரிக்கே துல்லியமாகப் பொருந்திய புள்ளி. `APPROXIMATE` என்றால் ஊரின் அல்லது பின்கோட்டின் நடுவில் தோராயமாக வைத்த புள்ளி. `partial_match` என்பது `true` என்று வந்தால், கேட்ட முகவரியில் ஒரு பகுதிதான் பொருந்தியது என்று பொருள். நம் எடுத்துக்காட்டு முகவரிக்கு எதிர்பார்க்க வேண்டியது `APPROXIMATE`தான். வரைபடத்தில் அதுவும் மற்றவை போலவே சிவப்புக் குண்டூசியாகத்தான் நிற்கும். அது வீடு அல்ல, “இந்தப் பக்கம்தான்” என்ற தகவல்.

கிடைக்காதவற்றுக்கு ஒரு போன்

பின்கோடு மட்டத்தில் நின்றுபோனவற்றையும், விடையே வராதவற்றையும் ஒரே பட்டியலாக்கிப் போன் செய்யுங்கள். “அட்ரஸ் சொல்லுங்க” என்று கேட்டால் பழைய முகவரியே திரும்ப வரும். வழி கேளுங்கள்.

“வணக்கங்கண்ணா, பார்சல் விஷயமாக் கூப்பிடறேனுங்க. வேலூர்ல இருந்து வந்தா எந்தப் பிரிவுல திரும்போணுங்க? திரும்புனதுக்கப்புறம் இடது கையா, வலது கையாங்க?”

பிரிவு, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று வரும் பதிலைச் சாட்டிலைட் படத்தில் தொடர்ந்துகொண்டே போனால், பெரும்பாலும் சரியான கூரைக்குப் போய்ச் சேரலாம். வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பச் சொன்னால், “இப்ப வீட்டுலதானுங்க இருக்கீங்க?” என்று கட்டாயம் கேளுங்கள். சந்தையில் நிற்பவர் அனுப்பினால் சந்தையின் புள்ளிதான் வரும்.

இரட்டைகள்: இரண்டு வகை

முதல் வகை, ஒரே வாடிக்கையாளர் இரண்டு வரிகளில் இருப்பது. பெயரின் எழுத்துக்கூட்டு மாறும், பழைய எண் ஒன்றிலும் புது எண் மற்றொன்றிலும் இருக்கும். முகவரி வரிகளை ஒப்பிட்டு இதைப் பிடிப்பது கடினம், போன் எண்ணைக் கொண்டு பிடிப்பது சுலபம். போன் எண்ணும் ஒன்று, புள்ளிகளும் 50 மீட்டருக்குள் என்றால் அநேகமாக ஒரே இடம். போன் எண் ஒன்று, ஆனால் புள்ளிகள் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்தால் சேர்த்துவிடாதீர்கள். ஒன்று வீடாகவும் மற்றொன்று கோழிப்பண்ணையாகவும் இருக்கலாம். நாமக்கல் பக்கம் இது சகஜம். ஒரே இடம் என்று முடிவானாலும் இரண்டில் எந்த வரியையும் அழிக்காமல், இரண்டுக்கும் ஒரே குழு எண் கொடுங்கள். தவறாகச் சேர்த்திருந்தால் பிரித்துக்கொள்ளலாம், அழித்தது திரும்ப வராது.

இரண்டாம் வகை, வேறு வேறு வாடிக்கையாளர்கள் ஒரே புள்ளியில் குவிவது. அட்சரேகை F பத்தியிலும் தீர்க்கரேகை G பத்தியிலும் இருந்தால்:

```
=COUNTIFS(F:F,F2,G:G,G2)
```

சேலம் பேர்லேண்ட்ஸில் ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு எட்டு வந்தால் நியாயம். பரமத்தி வேலூர் பின்கோட்டில், வேறு வேறு குடியிருப்புப் பெயர்களோடு முப்பது வீடுகள் ஒரே புள்ளியில் நின்றால், அது எவர் வீடும் அல்ல. மென்பொருள் வழி தெரியாமல் நடுமையத்தில் இறக்கிவிட்ட குவியல். முப்பதையும் “கிடைக்காதவை” பட்டியலுக்கே திருப்பி அனுப்புங்கள். அப்படியே விட்டால் ரூட் மென்பொருள் முப்பது டெலிவரிகளும் ஒரே வாசல் என்று கணக்குப் போட்டு, ஒரு மணி நேரத்தில் முடியாத வேலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்.

இடம் மாறிய புள்ளிகள்

முதலில் முரட்டுச் சோதனை. சேலம் நகரம் ஏறத்தாழ 11.66, 78.15இல் இருக்கிறது, நாமக்கல் 11.22, 78.17இல். நம் எல்லைக்குள் அட்சரேகை 11ஐ ஒட்டியும் தீர்க்கரேகை 77, 78ஐ ஒட்டியும்தான் வர வேண்டும். இரண்டு பத்திகளும் இடம் மாறினால் சேலத்து வீடு ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி நிற்கும். தசம இடங்களையும் பாருங்கள். மூன்று இலக்கத்தோடு நின்றுவிட்ட எண் 100 மீட்டர் அளவுக்குத்தான் இடம் சொல்லும், ஐந்து இலக்கம் ஒரு மீட்டருக்கு.

அடுத்தது நுட்பமான சோதனை. புள்ளி எல்லைக்குள் இருந்தும் தவறாக இருக்கலாம். அந்தப் பின்கோட்டின் அஞ்சலகத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மேலே வருபவற்றைக் கண்ணால் பாருங்கள். பரமத்தி வேலூரில் ஆற்றைத் தாண்டினால் கரூர் மாவட்டம். வரைபடத்தில் ஓர் அங்குலம்கூட இராது, வண்டி பாலம் சுற்றி வர வேண்டும். சேலம்–நாமக்கல் தேசிய நெடுஞ்சாலை 44இலும் இதே கதை. எதிர்ப்பக்கம் விழுந்த புள்ளிக்கு, நடுத்தடுப்பு எங்கே திறக்கிறதோ அதுவரை போய்த் திரும்ப வேண்டும். நீளமான பண்ணைகளுக்குக் கொட்டகையின் நடுவில் புள்ளி வைக்காதீர்கள், கேட்டில் வையுங்கள்.

இறுதிச் சாட்சி, பொருளைக் கொடுத்த இடத்தில் ஓட்டுநரின் போன் பதிந்த ஜிபிஎஸ். இதையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. மொத்தத்தையும் முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து வரிசையாக “டெலிவர்டு” அழுத்தும் வழக்கம் உண்டு. ஒரே ஓட்டுநர் சில நிமிடங்களுக்குள் பல பார்சல்களை ஒரே புள்ளியில் முடித்திருந்தால், அந்தப் பதிவுகளை விட்டுவிடுங்கள். வேறு வேறு நாட்களின் மூன்று பதிவுகள் 30 மீட்டருக்குள் ஒத்துப்போனால் உறுதி செய்யலாம். அதிகப் பதிவுகள் இருந்தால் சராசரி எடுக்காமல் இடைநிலை மதிப்பு எடுங்கள். டீக்கடைப் பதிவு ஒன்று நுழைந்தால் சராசரி அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

எதைச் சேமிப்பது

ஒவ்வொரு வரியிலும் மூல முகவரி, திருத்திய முகவரி, புள்ளி, அது எங்கிருந்து வந்தது, எந்தப் படியில் கிடைத்தது, யார் எப்போது சரிபார்த்தார் என்ற விவரங்கள் இருக்கட்டும். கூகுள் தந்த அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாட்களுக்கு மேல் சேமித்துவைக்க அதன் விதிகள் இடம் தருவதில்லை. `place_id` மட்டும் வைத்துக்கொள்ளலாம். கூகுளுக்குப் பதில் நாமினேட்டிம் ஜியோகோடிங் சேவையைப் பயன்படுத்தினால், அதன் பொதுச் சர்வரில் விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது. எந்தச் சேவையாக இருந்தாலும் வாடிக்கையாளர் பெயரையும் போன் எண்ணையும் தேடலில் சேர்த்து அனுப்பாதீர்கள்.

உங்கள் ஓட்டுநர் வாசலில் நின்று பதிந்து, நீங்கள் சரிபார்த்த புள்ளி உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சரக்கு, அதற்கு 30 நாள் கெடு கிடையாது. ஆகவே ஒரு வாரத்தில் எல்லா முகவரியையும் சரிசெய்ய முயலாதீர்கள். அடிக்கடி டெலிவரி போகும் முகவரிகளிலிருந்து தொடங்குங்கள். உறுதியாகாத புள்ளி எதுவாக இருந்தாலும் அதைக் காலையில் வண்டி கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.