உம்ரா வழியில் துபாயில் தங்கலாமா?

சென்னையிலிருந்து துபாய் வழியாக ஜித்தா செல்லும் உம்ரா பயணிகளில் சிலர், துபாயில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போக விரும்புகிறார்கள். ஒரே டிக்கெட்டில் இது முடியுமா என்பதை இங்கே விளக்குகிறோம்.

வெளிநாட்டுப் பயணத்தில், இடைவழி ஊரில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது ‘லேஓவர்’. அதைத் தாண்டினால் ‘ஸ்டாப்ஓவர்’. திங்கள் காலை 10 மணிக்குத் துபாயில் இறங்கி, செவ்வாய் காலை 9 மணிக்குப் புறப்பட்டால் 23 மணி நேரம். சென்னை–ஜித்தா கட்டணம் ஒன்றுதான். செவ்வாய் 11 மணி விமானம் என்றால் 25 மணி நேரம், அது ஸ்டாப்ஓவர்.

அப்போது அந்த டிக்கெட்டின் கட்டண விதியைப் பார்க்க வேண்டும். சில டிக்கெட்டுகளில் தங்குவது இலவசம். சிலவற்றில் தனித்தொகை உண்டு. அனுமதியே இல்லையென்றால் சென்னை–துபாய், துபாய்–ஜித்தா என இரண்டு கட்டணங்களைக் கூட்டுவார்கள். அது அதிகமாகவே வரும். ஆகவே பணம் கட்டுமுன் ஏஜென்டிடம், “இந்தக் கட்டணத்தில் ஸ்டாப்ஓவர் உண்டா, எவ்வளவு?” என்று கேளுங்கள்.

லேஓவரில் பெட்டி பெரும்பாலும் நேராக ஜித்தா போய்விடும். மீகாத்தை விமானத்திலேயே கடப்பதால் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். சில மணி நேரமே ஆனாலும், நிலையத்தை விட்டு வெளியே வர விசா வேண்டும்.

லேஓவர் டிக்கெட் எடுத்துவிட்டு, பிள்ளை வீட்டில் தங்கி அடுத்த விமானத்தைத் தவறவிடாதீர்கள். ஊர் திரும்பும் பயணம் உட்பட மீதி டிக்கெட் ரத்தாகிவிடும்.