கறுப்பா, குரோமா?

கே.ஜி.கண்டிகை ஹார்டுவேர் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எனக்கு மேட் கறுப்புக் குழாய் வேண்டும், என் வீட்டுக்காரருக்குப் பளபள குரோம். நாங்கள் சிரித்துச் சிரித்து வாதாட, பின்னால் நின்றவர்களும் கட்சி சேர்ந்துவிட்டார்கள். எதை வாங்குவது?

வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் உங்களுடையது கடினத் தண்ணீர். அந்தச் சுண்ணாம்பு கறுப்பில் சொட்டுச் சொட்டாகத் தெரியும், குரோமில் அவ்வளவு உறுத்தாது. ஆகவே குளியலறைக்கு அவர் சொன்னதே சரி.

கை கழுவும் தொட்டிக்கு உங்கள் கறுப்பை வாங்குங்கள், அழகாக இருக்கும். ஆனால் தினமும் ஈரத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். குரோமில் கறை படிந்தால், எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, உடனே கழுவிவிடுங்கள். கழிவறை ஆசிட் மட்டும் எதிலும் படவே கூடாது. பூச்சு போய்ப் பித்தளை பல்லிளிக்கும்.