ஒரே பாடம், மூன்று விதப் படிப்பு: குரூப் 4 எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு வருடமாக குரூப் 4 படிப்பு நடக்கிறது. முதல் முறை என் மகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்தாள்: வாசிப்பது, அடிக்கோடு போடுவது, திரும்ப வாசிப்பது. வரலாற்று ஆண்டுகள் ஒன்றோடொன்று குழம்பின. கணக்கில் பார்த்த மாதிரியே இருந்த கேள்வி கையில் வரவில்லை. கூற்று-காரணம் கேள்விகளில் காரணம் தப்பியது. மூன்றும் மூன்று வேறு பிழைகள் என்பதைக் கண்டுகொள்ளவே எங்களுக்கு நாளாயிற்று. அதற்குப் பிறகு செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

1. பாடத்தைப் பிரிக்காதீர்கள், கேள்வியைப் பிரியுங்கள். பக்கத்து ஊர் செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். அது மொகலாயர் கைக்கு எந்த ஆண்டு போனது என்பது தகவல். அதைப் பிடிக்க ஏன் எட்டு ஆண்டு ஆனது என்பது கருத்து. கோட்டைக்குப் போய்வரும் வண்டியின் சராசரி வேகம் என்ன என்று கேட்டால் அது செய்முறை. ‘யார், எப்போது, எங்கே’ என்று வந்தால் நினைவில் வைக்க வேண்டியது, ‘கண்டுபிடி’ என்றால் கை பழக வேண்டியது, ‘ஏன்’ என்றால் புரிய வேண்டியது. புத்தக ஓரத்தில் த, செ, க என்று ஓர் எழுத்துப் போட்டு வைத்தால் போதும்.

2. தகவலுக்குச் சீட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சீட்டில் ஒரே ஒரு தகவல். முன்பக்கம் ‘செஞ்சி, 1677’, பின்பக்கம் ‘சிவாஜி கைப்பற்றினார்’. இப்படியே 1698 மொகலாயர், 1750 பிரெஞ்சுக்காரர், 1761 ஆங்கிலேயர். சீட்டைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே போனால் அது பழைய வாசிப்புதான். தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் வராது.

3. சீட்டுகளுக்கு மூன்று ஸ்வீட் டப்பா. முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும்; தப்பானது எங்கே இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது. மறக்கப் போகும் நேரத்தில் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் இதில் வேலை செய்கிறது. 1750, 1761 போல இரண்டு சீட்டுகள் மாறி மாறிக் குழம்பினால் டப்பா மட்டும் உதவாது. அவற்றை அருகருகே வைத்து, ‘முதலில் பிரெஞ்சு, பதினோரு வருடம் கழித்து ஆங்கிலேயர்’ என்று ஒரு தொடர்பைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

4. கணக்குக்குச் சீட்டு வேண்டாம். சூத்திரத்தை மட்டும் சீட்டில் எழுதி மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதை எங்கே போடுவது என்று தெரியாது. புதிய வகைக் கணக்கு என்றால், முதலில் முழுக்கப் போட்ட ஒரு கணக்கை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியிலும் ‘இதை ஏன் செய்தார்கள்’ என்று கேட்கட்டும். அடுத்த கணக்கில் கடைசி வரியைக் கையால் மூடிவிடுங்கள். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரிகள். அதன் பிறகு தாளில் கேள்வி மட்டும்.

ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? பிள்ளைகள் சட்டென்று 50 என்பார்கள். கணக்கு எளிதாக வரட்டும் என்று தூரத்தை 36 கி.மீ. என வைத்துக்கொள்வோம். போக 36 நிமிடம், வர 54 நிமிடம், மொத்தம் 90 நிமிடம், அதாவது ஒன்றரை மணி. ஓடிய தூரம் 72 கி.மீ. 72ஐ ஒன்றரையால் வகுத்தால் 48. மெதுவாக வந்த நேரம்தான் அதிகம், அதனால் விடை 40 பக்கம் சாய்கிறது. இந்தக் காரணம் தெரிந்த பிள்ளை, விடை 50க்கு மேல் வந்தாலே எங்கோ தப்பு என்று தானே பிடித்துவிடும்.

5. கை பழகியதும் கணக்குகளைக் கலந்துவிடுங்கள். இதுதான் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் தந்தது. 6 நாளில் ஒருவர், 12 நாளில் ஒருவர் முடிக்கும் வேலையைச் சேர்ந்து செய்தால் 4 நாள். 6 மணியில் தொட்டியை நிரப்பும் குழாயும் 12 மணியில் காலி செய்யும் குழாயும் சேர்ந்து திறந்திருந்தால் 12 மணி. எண்கள் அதே, ஆனால் முன்னதில் கூட்ட வேண்டும், பின்னதில் கழிக்க வேண்டும். ‘நேரமும் வேலையும்’ என்று தலைப்புப் போட்டு இருபது கணக்கு கொடுத்தால், எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் வேலையையே தலைப்பு செய்துவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு கிடையாது.

ரோரர், டெய்லர் என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. வகை வகையாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முன்னவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. ஆகவே கலக்கும் வாரத்தில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளையைக் கடியாதீர்கள். ஆனால் எந்த வகையும் தனியாகவே போட வராத நிலையில் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

6. கருத்தைப் பாட்டியிடம் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, செஞ்சியை மொகலாயர் பிடிக்க 1690 முதல் 1698 வரை ஏன் ஆனது என்று சொல்லட்டும். ‘மலைக்கோட்டை, அதனால்’ என்று என் மகள் நிறுத்தினாள். அங்கேயே ஒரு எதிர்க்கேள்வி போட வேண்டும்: அதே மலைதானே, 1677இல் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து சிவாஜிக்கு நீண்ட முற்றுகை இல்லாமலே எப்படிக் கிடைத்தது?

அப்போதுதான் அவள் மறுபடி யோசித்தாள். மூன்று மலைகளை இணைக்கும் மதில், மேலே தண்ணீர், தானியக் களஞ்சியம், இவை காக்க உதவும். ஆனால் உள்ளே இருப்பவர் காக்க முடிவு செய்தால்தான். மொகலாயர் முற்றுகையில் வெளியே இருந்த மராட்டியப் படைகள் முற்றுகையிட்டவர்களுக்கு வரும் உணவையே மறித்தன. இத்தனையும் சேர்ந்துதான் எட்டு ஆண்டு. அடுத்து, சமதரையில் அகழியோடு இருக்கும் வேலூர்க் கோட்டையை இதோடு ஒப்பிடச் சொன்னேன். புத்தகத்தில் இல்லாத ஒப்பீட்டைப் பிள்ளை தானாகச் செய்தால் கருத்து ஏறிவிட்டது. புத்தக வாக்கியத்தையே திருப்பிச் சொன்னால் இன்னும் ஏறவில்லை.

7. மாதிரித் தேர்வு முடிந்ததும் தப்பான கேள்விகளின் பக்கத்தில் அதே மூன்று எழுத்தைப் போடுங்கள். குரூப் 4 தாளில் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. பொது அறிவில் போன மதிப்பெண் எல்லாம் மறதி என்று நாங்கள் நினைத்திருந்தோம். எழுத்துப் போட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேல் ‘க’. அந்த வாரமே புதுச் சீட்டு வெட்டுவதை நிறுத்தி, சாயங்காலம் அரை மணி நேரம் பாட்டியிடம் சொல்வதற்கு ஒதுக்கினோம்.