பெருங்காயமும் வேண்டாமா?

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு என்கூட படிக்கும் சீன நண்பன் ஒருவன் வந்தான். மகாயான பௌத்தக் குடும்பம், பிறந்ததிலிருந்தே சைவம். "வெங்காயம், பூண்டுகூட சாப்பிட மாட்டான்மா" என்று முன்னாடியே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "அவ்வளவுதானே? விரத சாம்பார் வச்சிடறேன்" என்றார் அம்மா.

தட்டை வாங்கியதும் அவன் முகர்ந்து பார்த்தான். "இதில் பூண்டு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். இல்லை, அது பெருங்காயம் என்று சொல்லி டப்பாவைக் காட்டினேன். தன் அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினான். அதுவும் ஆகாது என்று பதில் வந்தது. கடைசியில் சோறும் தயிரும் பாயசமும்தான் சாப்பிட்டான். அம்மாவுக்கு முகம் வாடிப்போச்சு.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சீன மகாயான பௌத்தத்தில் விலக்கப்பட்ட கார மணப் பொருள்கள் ஐந்து. பூண்டு, வெங்காயம், பூண்டு வகையைச் சேர்ந்த வேறு இரண்டு, ஐந்தாவது பெருங்காயம். இந்த ஐந்தாவதைச் சீனத்தில் 'ஷிங் ச்சூ' என்கிறார்கள். நம் 'ஹிங்கு'தான் அப்படி மாறியிருக்கிறது! அது சீனாவின் பெரும்பகுதியில் விளையாத பொருள். அதனால் பட்டியலில் இருந்தாலும் சீன நண்பர்கள் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

ஏன் விலக்க வேண்டும்? சூரங்கம சூத்திரம் சொல்லும் காரணம் இது: சமைத்துத் தின்றால் காமத்தையும், பச்சையாகத் தின்றால் கோபத்தையும் தூண்டும், வாடைக்குத் தேவர்கள் விலகிப் போவார்கள். தியானத்தில் உட்காருகிறவருக்கு இரண்டுமே இடைஞ்சல். ராஜச, தாமச உணவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இது ரொம்பப் பக்கம்தான்.

மாமிசத்துக்குக் காரணம் வேறு. எண்ணற்ற பிறவிகளில் எல்லா உயிரும் ஒரு காலத்தில் நமக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருந்திருக்கும், அதைக் கொன்று தின்றால் கருணை எங்கே என்பது அவர்கள் வாதம். எல்லா பௌத்தர்களும் இப்படி இல்லை. தேரவாதத்தில் தனக்காகக் கொல்லப்படாத மாமிசத்தைப் பிக்குகூட ஏற்கலாம்.

நாம் எங்கே தவறினோம் என்று யோசித்தேன். விரதச் சமையலில் பூண்டு வாசனைக்குப் பதிலாகத்தான் நாம் பெருங்காயம் போடுகிறோம். ஒரு தடையைத் தாண்ட நமக்கு உதவும் பொருள் அவர்களுக்கு இன்னொரு தடை. அது சாம்பாரில் மட்டும் இல்லை. முறுக்கு மாவு, ரசப்பொடி, ஊறுகாய், சில அப்பளம் என்று எங்கெல்லாமோ ஒளிந்திருக்கிறது. கடைச் சாம்பார்ப் பொடி வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தே ஆகணும். நெத்திலி, பெலாச்சான் போட்ட சம்பலை 'காய்கறிதானே' என்று எடுத்து வைத்துவிடாதீர்கள்.

பாலும் நெய்யும் பொதுவாகப் பரவாயில்லை. முட்டை விஷயத்தில் வீட்டுக்கு வீடு வேறுபடும், அதனால் கேக் வைக்குமுன் கேளுங்கள். இறைச்சி சமைத்த பாத்திரம் சிலருக்கு ஒத்துவராது, அதையும் கேட்பது நல்லது. "நீ சைவமா?" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் வரும். "வெங்காயம், பூண்டு, பெருங்காயம், முட்டை இதில் எது ஆகாது?" என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்ல எளிது.

இன்னொரு விஷயம். போன மாதம் கோழி சாப்பிட்ட சீன நண்பர் உங்கள் வீட்டில் கோழிக்கறியை வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம். நம் தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் பெரும்பாலும் அடுத்த நாளே அந்த முதல் நாளாக அமைகிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12, சீன மாதப் பிறப்பு 13. 2024இல் அக்டோபர் 31, நவம்பர் 1. 2025இல் அக்டோபர் 20, 21. நம்மில் நிறைய பேர் விருந்து வைப்பது இரண்டாம் நாளில்தானே! அன்றைக்கு ஒரு சைவ மேசை தனியாக இருக்கட்டும்.

பொங்கலுக்கு அவனை மறுபடி கூப்பிட்டோம். இந்த முறை அம்மா பொடியை வீட்டிலேயே வறுத்தார்: மல்லி இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்று, காய்ந்த மிளகாய் ஆறு, வெந்தயம் கால் தேக்கரண்டி, கொஞ்சம் தேங்காய்ப்பூ. வெந்தயம் சிவக்கணும், கருகினால் சாம்பாரே கசந்துவிடும். ஒரு கப் துவரம்பருப்பு, முருங்கைக்காய், பூசணி, புளி. பெருங்காயத்துக்குப் பதிலாகத் தாளிப்பில் கடுகோடு சீரகம், தட்டிய இஞ்சி, கை நிறைய கறிவேப்பிலை. இஞ்சி அந்த ஐந்தில் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா வறுத்த பொடி டப்பாவைத் திறந்து அவனிடம் நீட்டினார். முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். சோறு மூன்று தடவை வாங்கினான்.