கிடங்குத் தரைக்கடியில் தளர்ந்த மணல்: எந்த வழியில் இறுக்குவது?

காலியான மைலோ டின் ஒன்றில் உலர்ந்த அரிசியை விளிம்பு வரை கொட்டுங்கள். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அரிசி அதிகம் இறங்காது. இப்போது டின்னின் பக்கத்தைப் பத்து முறை தட்டுங்கள். அரிசிமட்டம் கண்ணெதிரே கீழே இறங்கும். அரிசிமணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டிருப்பதால் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அதிர்வு ஏற்படும்போது அந்தப் பிடி ஒரு கணம் நழுவி, மணிகள் இடைவெளிகளுக்குள் போய் அமர்கின்றன. தளர்ந்த மணலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

1990களில் சிங்கப்பூரின் சாங்கி கிழக்கில் கடலை மேடாக்கிய போது, கொட்டிய மணலை இறுக்குவதற்கு ஒரே வழியை நம்பியிருக்கவில்லை. கனமான எடையைப் போடுவது, அதிர்வுக் கம்பத்தை இறக்குவது எனப் பல முறைகள் அங்கே பயன்பட்டன. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம்.

கணக்கு

மீட்கப்பட்ட நிலத்தில் 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலத்தில் ஒரு கிடங்கு கட்டப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையின் கீழே 6 மீட்டர் தடிமனுக்குத் தளர்ந்த மணல் இருக்கிறது. நிலத்தடி நீர் 2 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. சரக்கு நிறைந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 5 டன் சுமை, அதாவது 50 கிலோபாஸ்கல் அழுத்தம் விழும்.

கூம்பு முனை கொண்ட இரும்புக் கம்பியை மண்ணுக்குள் சீராக அழுத்தி, முனை சந்திக்கும் எதிர்ப்பை அளப்பார்கள். இதைக் கூம்புச் சோதனை என்போம். மணலின் விறைப்பு, கூம்பு எதிர்ப்பைப் போல் சுமார் இரண்டரை மடங்கு என்பது தோராயமான மதிப்பீடு. மண் எவ்வளவு அமிழும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு:

அமிழ்வு = அழுத்தம் × தடிமன் ÷ விறைப்பு

நம் மனையில் ஓரிடத்தில் கூம்பு எதிர்ப்பு 2 மெகாபாஸ்கல், இன்னோரிடத்தில் 8 மெகாபாஸ்கல் என்று கிடைக்கிறது. அப்படியானால் விறைப்பு முறையே 5, 20 மெகாபாஸ்கல். முதல் இடம் 60 மில்லிமீட்டர் அமிழும். இரண்டாவது இடம் 15 மில்லிமீட்டர்தான் அமிழும்.

கிடங்கு முழுவதும் ஒரே சீராக 60 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருவது இந்த 45 மில்லிமீட்டர் வித்தியாசம்தான். 1 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் உள்ள சரக்கு அடுக்கை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு பக்கக் கால்கள் 2 மில்லிமீட்டர் இறங்கினாலே உச்சி 20 மில்லிமீட்டர் சாயும். உயரத்தில் பலகையை வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு அது ஆபத்து. ஆகவே, நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது சீரான இறுக்கம்.

நான்கு வழிகள்

முதலாவது, மணலைத் தோண்டி எடுத்து, மெல்லிய அடுக்குகளாகத் திரும்பப் போட்டு, அதிரும் உருளையால் இறுக்குவது. 2 மீட்டர் ஆழத்துக்கு இதுவே எளிது. நம் மனையிலோ 36,000 கன மீட்டர் மணலைத் தோண்ட வேண்டும். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 3,600 நடை. நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும்போது தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவு எகிறும்.

இரண்டாவது, கிரேனால் கனமான எடையைத் தூக்கிக் கீழே போடுவது. பிரெஞ்சுப் பொறியாளர் லூயி மெனார் பரப்பிய முறை இது. இறுக்கம் சென்றடையும் ஆழத்தைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

D = 0.5 × √(W × H)

W டன்னில் எடை. H மீட்டரில் உயரம். 12 டன் எடையை 12 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் D = 6 மீட்டர். நமக்குத் தேவையான ஆழம் அதுதான். 5 மீட்டர் இடைவெளியில் 240 புள்ளிகள். புள்ளிக்கு 8 அடி என்றால் மொத்தம் 1,920 அடிகள். ஒரே கிரேன் ஓரிரு வாரங்களில் முடித்துவிடும். எடை விழுந்த குழிகளைச் சுற்றி மேல்மட்ட மணல் குலைந்துபோகும்; அதைக் கடைசியில் உருளையால் இறுக்க வேண்டும். ஏறத்தாழ 30 மீட்டருக்குள் கட்டடமோ குழாயோ இருந்தால் அதிர்வு அதைப் பாதிக்கக்கூடும்.

மூன்றாவது, அதிர்வுக் கம்பம். 1930களில் ஜெர்மனியில் உருவான இந்தக் கருவி, நீரைப் பீய்ச்சியபடி மண்ணுக்குள் இறங்கி, கீழிருந்து மேலாக அதிர்ந்துகொண்டே வெளியே வரும். 20 மீட்டருக்கும் கீழே செல்லக்கூடியது. அக்கம்பக்கத்தை அவ்வளவாகக் குலுக்காது. ஆனால் புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் முக்கோண இடைவெளி என்றால் நம் மனைக்கு ஏறக்குறைய 1,100 புள்ளிகள். புள்ளிக்குக் கால் மணி நேரம், நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்றால் ஒரு கருவிக்கு சுமார் 28 வேலைநாள். எடை போடும் முறையைவிடச் செலவு கூடுவது இதனால்தான்.

நான்காவது, மண்ணை அப்படியே விட்டுவிட்டு, கடைக்கால் தூண்களை இறக்கி அவற்றின்மேல் தரையை நிறுத்துவது. 3 மீட்டருக்கு ஒன்று என்றாலும் 660க்கும் மேற்பட்ட தூண்கள் வேண்டும். தூணுக்குத் தூண் தாவும் தரைக்குக் கூடுதல் தடிமனும் இரும்பும் தேவை. அமிழ்வு மிகக் குறைவு. விலை மிக அதிகம்.

நம் மனையில் மணல் சுத்தமாக இருந்து, அருகில் கட்டடமும் இல்லையென்றால், இரண்டாவது வழி போதும். இறுக்கிய பிறகு கூம்பு எதிர்ப்பு எல்லா இடத்திலும் 10 முதல் 15 மெகாபாஸ்கலுக்குள் வந்தால், அமிழ்வு 12 முதல் 8 மில்லிமீட்டர்வரை இருக்கும். 45 ஆக இருந்த வித்தியாசம் 4 ஆகச் சுருங்கும். பக்கத்தில் கட்டடம் இருந்தாலோ மணல் இன்னும் ஆழமாக இருந்தாலோ மூன்றாவது வழிக்குப் போக வேண்டும். மனை சிறியதாக இருந்தால் கணக்கே மாறும். கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தும் செலவு பரப்பளவு குறைந்தாலும் குறையாது.

எங்கே தவறும்?

அரிசிக்குப் பதிலாக ஈரமான கோதுமை மாவை டின்னில் போட்டுத் தட்டிப் பாருங்கள். அது எளிதில் இறங்காது. மணலில் 0.06 மில்லிமீட்டருக்கும் சிறிய வண்டல் துகள்கள் பத்து விழுக்காட்டைத் தாண்டும்போது இதே சிக்கல் தலைகாட்டும். துகள்களுக்கு இடையிலுள்ள நீர் வெளியேற வழியில்லாமல் தவிப்பதால், அதிர்வுக் கம்பம் பலனிழக்கும். சல்லடைச் சோதனை இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

வேலை நடக்கும்போதும் அடையாளம் தெரியும். 6 மீட்டர் மணல் சரியாக இறுகினால் நிலமட்டம் 30 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு மாறாக, குழியைச் சுற்றி மண் மேலே புடைத்தால், அந்த அடி மண்ணை இறுக்கவில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, நீரழுத்தம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். முடிவைச் சோதிக்கும் கூம்புச் சோதனையையும் அவசரப்பட்டு மறுநாளே செய்யக்கூடாது. இறுக்கிய மணலின் எதிர்ப்பு அடுத்த சில வாரங்களில் மேலும் கூடும்.

இன்னோர் எல்லையும் உண்டு. மணலுக்குக் கீழே கடற்களிமண் இருந்தால், மேலே எவ்வளவு இறுக்கினாலும் களிமண் பல ஆண்டுகளுக்கு மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். சாங்கியில் அதற்கென்றே களிமண்ணுக்குள் செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்கி, மேலே மணல் மேட்டைச் சுமத்தி, நீரைப் பிழிந்தெடுத்தார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்: தளர்ந்த மணல் 10 மீட்டர் ஆழம் என்றால், 20 டன் எடையை எவ்வளவு உயரத்திலிருந்து போட வேண்டும்? (விடை: 20 மீட்டர்.)