பாடம் 7: இருவருக்கும் தெரியாதவை

நுழையும்முன்

வினா கேட்பவருக்கு விடை தெரியும் என்று நாம் எண்ணுகிறோம். அந்த விடை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன நடக்கும்? பெங்களூரில் வாழும் இரு தோழியரின் கதை இது. இதில் வரும் கல்வெட்டுகளும் ஆண்டுகளும் உண்மையானவை. தோழியர் மட்டுமே கற்பனை.

கதை

கயல்விழியும் சஹனாவும் பெங்களூரின் தாவரெகெரெப் பகுதியில் ஒரே கட்டடத்தில் வசித்தனர். கயல்விழியின் வீடு இரண்டாம் மாடியில். சஹனாவின் வீடு முதல் மாடியில். கயல்விழியின் பெற்றோர் திருப்பத்தூரிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள். சஹனாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக இவ்வூரிலேயே இருந்தது. இருவரும் ஏழாம் வகுப்பு மாணவியர்.

இரவு உணவு முடிந்ததும் எட்டரை மணிக்கு இருவரும் மாடிப்படியில் வந்து அமர்வார்கள். ஒருத்தி மூன்று வினாக்கள் கேட்பாள். பிறகு மற்றவள் மூன்று கேட்பாள். விடை தெரியாத வினாவை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். குறிப்பேட்டின் இடப்பக்கம் கயல்விழிக்கு, வலப்பக்கம் சஹனாவுக்கு. இரண்டு வாரங்களில் இடப்பக்கம் முழுவதும் அரசர்களும் போர்களும் நிறைந்தன. வலப்பக்கத்தில் கோள்களும் தனிமங்களும் நிறைந்தன.

ஓர் இரவு சஹனா, "பெங்களூருக்கு அப்பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

கயல்விழிக்குத் தெரியவில்லை.

சஹனா பெருமிதத்துடன் கூறினாள்: "ஹொய்சள மன்னர் இரண்டாம் வீரவல்லாளர் வேட்டைக்குச் சென்றபோது காட்டில் வழி தவறினார். பசியோடு வந்த அவருக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த பயற்றைத் தந்தாள். கன்னடத்தில் 'பெந்த காளு' என்றால் வெந்த பயறு. ஆகவே அவ்விடம் 'பெந்தகாளூரு' ஆயிற்று. அதுவே பெங்களூரு. இதை எங்கள் அஜ்ஜி சொன்னார்."

கயல்விழி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எனினும் அம்மன்னர் எக்காலத்தவர் என்று அறிய விரும்பினாள். மறுநாள் பள்ளி நூலகத்தில் கர்நாடக வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டினாள். வீரவல்லாளர் 1173ஆம் ஆண்டில் அரியணை ஏறியவர் என்று அதில் இருந்தது. சில பக்கங்கள் தள்ளி வேறொரு செய்தியும் கண்ணில் பட்டது.

அன்றிரவு அவள் கேட்ட முதல் வினா இது: "பெங்களூர்ப் போரில் இறந்த ஒரு வீரனைப் பற்றிப் பேகூர்க் கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டு உள்ளது. அதன் காலம் எது?"

சஹனா சிந்தித்தாள். "கெம்பேகௌடர் இங்குக் கோட்டையும் நகரும் அமைத்தது 1537ஆம் ஆண்டில். எனவே அதற்குப் பிந்தையதாக இருக்கும்."

"இல்லை. ஏறத்தாழ 890ஆம் ஆண்டு. கங்க மன்னர்களின் காலம்."

சஹனாவின் முகம் மாறியது. கயல்விழி குறிப்பேட்டின் ஓரத்தில் 1173இலிருந்து 890ஐக் கழித்துக் காட்டினாள். விடை 283 வந்தது. வீரவல்லாளர் அரசராவதற்கு ஏறத்தாழ 283 ஆண்டுகளுக்கு முன்பே 'பெங்களூரு' என்ற பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே ஊரார் வைத்திருந்த பெயரை, அப்பிள்ளை வளர்ந்து வைத்ததாகக் கூற முடியாது அல்லவா?

"அப்படியானால் எங்கள் அஜ்ஜி பொய் சொன்னாரா?" என்று கேட்ட சஹனா, குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்து சென்றாள்.

மறுநாள் இரவு எட்டரை மணிக்குப் படிக்கட்டில் கயல்விழி மட்டுமே இருந்தாள். ஒன்பது மணி வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குள் சென்றாள்.

மூன்றாம் நாள் சஹனா வந்தாள். உட்காராமலேயே கேட்டாள்: "மடிவாளா சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் எழுத்துகள் உள்ளன. அவை எந்த மொழி?"

அக்கோயில் அவர்கள் பள்ளிக்குச் செல்லும் வழியில்தான் இருந்தது. கயல்விழி நாள்தோறும் அதைக் கடந்து சென்றாள். "கன்னடம்" என்றாள் தயங்காமல்.

"தமிழ்! உன்னுடைய மொழி. அஜ்ஜி என்னிடம் சொன்னார். உனக்கே தெரியவில்லையே!"

இம்முறை கயல்விழிக்குச் சுருக்கென்றது. சஹனா குறிப்பேட்டை எடுத்து இடப்பக்கத்தில் தானே அந்த வினாவை எழுதினாள். எழுதியபின் அவளுக்கும் மகிழ்ச்சி உண்டாகவில்லை. சற்று நேரம் கழித்து, "ஞாயிற்றுக்கிழமை அஜ்ஜி கோயிலுக்குப் போகிறார். நீயும் வருகிறாயா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஞாயிறு காலையில் மூவரும் சென்றனர். கயல்விழி சுவரருகே நின்று உற்றுப் பார்த்தாள். எழுத்துகள் இடைவெளியின்றி வரிவரியாக ஓடின. ஆங்காங்கே ஓரிரு எழுத்துகள் தெரிந்தவை போல இருந்தன. ஒரு சொல்லைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெறும் அவளுக்குத் தன் மொழி தன்னிடமே பேச மறுப்பது போலத் தோன்றியது.

திரும்பும் வழியில் சஹனா அஜ்ஜியிடம் பயற்றுக் கதையைப் பற்றிக் கேட்டாள். அஜ்ஜி சிரித்தார். "நான் உனக்குக் கதை சொன்னேன் மகளே, சாட்சி சொல்லவில்லை. என் பாட்டி எனக்குச் சொன்னதை உனக்குச் சொன்னேன். பசித்தவருக்குச் சோறு போடு என்பதற்காகச் சொன்ன கதை அது" என்றார்.

திங்கட்கிழமை கயல்விழி தமிழாசிரியையிடம், "அம்மா, தமிழ் தெரிந்தும் என்னால் ஏன் படிக்க முடியவில்லை?" என்று வினவினாள்.

"அக்காலத்தில் கல்லில் எழுதும்போது பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. 'க' என்று எழுதியிருந்தால் அது 'க' ஆகவும் இருக்கலாம். 'க்' ஆகவும் இருக்கலாம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. வடசொற்களுக்குக் கிரந்த எழுத்துகள் கலந்து வரும். பொருளை வைத்தே அறிஞர்கள் சொற்களைப் பிரித்துப் படிக்கிறார்கள்" என்று விளக்கினார் ஆசிரியை.

பின்னர் அறிஞர்கள் படித்து வெளியிட்ட செய்தியையும் கூறினார். அக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'வெங்களூர்' ஊரின் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடையளித்ததை அது கூறுகிறது. மற்றொரு கல்வெட்டில் 'தாமரைக்கரை' என்ற இடம் குறிக்கப்படுகிறது.

அன்றிரவு படிக்கட்டில் இரு பெயர்களும் அடுத்தடுத்து எழுதப்பட்டன: கன்னடக் கல்லில் பெங்களூரு, தமிழ்க் கல்லில் வெங்களூர்.

"ஊர் ஒன்று. முதல் எழுத்து மட்டும் ஏன் மாறுகிறது?" என்றாள் கயல்விழி.

சஹனா சட்டென்று நிமிர்ந்தாள். "நீங்கள் வெல்லம் என்பீர்கள், நாங்கள் பெல்ல என்போம். வெண்ணெய், பெண்ணெ. வேலி, பேலி!"

"விரல்?"

"பெரளு!"

தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரத்தில் தொடங்கின. மேலும் தேடியபோது இன்னொரு வழியும் கிடைத்தது. பால் ஹாலு ஆயிற்று, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாட்டு ஹாடு. தமிழின் பகரம் அங்கே ஹகரமாக மாறியிருந்தது.

"அப்படியானால் பாடம் என்பது 'ஹாட'!" என்றாள் கயல்விழி உற்சாகமாக.

சஹனா சிரித்துவிட்டாள். "இல்லை, அது பாடவேதான்."

இருவரும் திகைத்தனர். மறுநாள் ஆசிரியை அதற்கும் விடை தந்தார். பாட்டு என்பது திராவிடச் சொல். பாடம் என்பது வடமொழியிலிருந்து இரு மொழிகளும் பெற்றுக்கொண்ட சொல். அத்தகைய கடன்சொற்களில் இம்மாற்றம் பொதுவாக நிகழ்வதில்லை. எனவே மாறாமல் நிற்கும் சொல்லைக் கண்டால், அது வெளியிலிருந்து வந்ததோ என்று ஐயுறலாம்.

பிறகு சஹனா தங்கள் பகுதியின் பெயரையே எடுத்துக்கொண்டாள். "தாவரெ என்றால் தாமரை. கெரெ என்றால் ஏரி." கல்வெட்டில் இருந்த தாமரைக்கரை கயல்விழியின் நினைவுக்கு வந்தது. எந்த ஏரியின் பெயரில் தாங்கள் குடியிருக்கிறோம் என்பதை இருவரும் அன்றுதான் எண்ணிப் பார்த்தனர்.

அன்று முதல் ஆட்டத்தில் ஒரு புது விதி சேர்ந்தது. விடை கூறியவுடன், 'எப்படித் தெரியும்?' என்று மற்றவள் கேட்க வேண்டும். 'அஜ்ஜி சொன்னார்', 'நூலில் படித்தேன்', 'கல்லில் உள்ளது' என மூன்றில் எது என்பதை விடைக்கு எதிரே எழுத வேண்டும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்கு இருவரும் ஒரு தலைப்பு இட்டனர்: 'இருவருக்கும் தெரியாதவை'. அதன் கீழ் சஹனா கன்னடத்திலும் கயல்விழி தமிழிலும் ஒரே வினாவை எழுதினர். 890ஆம் ஆண்டுக் கல் அப்பெயர் அன்றே இருந்தது என்று மட்டும் கூறுகிறது, பொருள் கூறவில்லை. ஆகவே வினா இதுதான்: 'பெங்களூரு என்பதன் பொருள் என்ன?'

சொற்பொருள்

பெருமிதம் – பெருமை உணர்வு
அரியணை – அரசரின் இருக்கை
கொடை – ஈகை, தானம்
சாட்சி – சான்று
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
மூதாட்டி, அஜ்ஜி – வயது முதிர்ந்த பெண், கன்னடத்தில் பாட்டி

ஒலிப்புக் குறிப்பு

பெல்ல, பெண்ணெ, பேலி, பெரளு ஆகிய கன்னடச் சொற்களின் முதல் எழுத்தைப் 'பெங்களூரு' என்பதில் ஒலிப்பது போல அழுத்தி ஒலிக்கவும்.

தெரிந்துகொள்வோம்

வினாடி வினா ஆர்வலர்கள் 1983ஆம் ஆண்டில் பெங்களூரில் கர்நாடக வினாடி வினாச் சங்கத்தைத் தொடங்கினர்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பயற்றுக் கதை ஊர்ப்பெயரின் தோற்றத்தை விளக்காது என்பதைக் கயல்விழி எவ்வாறு கண்டறிந்தாள்?
2. மடிவாளாக் கல்வெட்டைக் கயல்விழியால் படிக்க இயலாமைக்குரிய காரணங்கள் யாவை?
3. "கதை சொன்னேன், சாட்சி சொல்லவில்லை" – அஜ்ஜியின் கூற்றை விளக்குக.

ஆ. கணக்கிட்டு எழுதுக.
கெம்பேகௌடர் நகர் அமைப்பதற்கு ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூரு என்ற பெயர் கல்லில் இருந்தது?

இ. கதையில் கண்ட மாற்றத்தைப் பின்பற்றிக் கன்னடச் சொல்லை ஊகித்து எழுதுக. பிறகு கன்னடம் அறிந்த நண்பரிடம் கேட்டுச் சரிபார்க்க.
வேர், வெள்ளி, புலி, புல், பாம்பு

ஈ. செயல்பாடு
பெங்களூரில் 'ஹள்ளி' என முடியும் மூன்று ஊர்ப்பெயர்களையும், தமிழ்நாட்டில் 'பள்ளி' என முடியும் மூன்று ஊர்ப்பெயர்களையும் தொகுக்க. உங்கள் பகுதியின் பெயர்க்காரணத்தை ஒருவரிடம் கேட்டு எழுதி, அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் எதிரே குறிக்க.