"நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவரிடம்



2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் நம் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. இங்கே, வெளியூர் வேலைக்குப் போன கணவரிடமிருந்து தகவல் வராத பெண் முகம் வாடியிருந்தும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால், அதில் பயம் இருக்கலாம். உண்மையைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் அது.

ஆகவே நாலு பேர் நடுவில் கேட்க வேண்டாம். கணவர் எங்கே என்று துருவவும் வேண்டாம். தனியாகப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு நாளா சரியா சாப்பிடலை போலிருக்கே. நாளைக்கு ஜமுனாமரத்தூர் போறேன். அரிசி வாங்கியாரவா, எண்ணெய் வாங்கியாரவா?" என்று கேளுங்கள். "ஏதாவது உதவி வேணுமா?" என்றால் "வேண்டாம்" என்பது சுலபம். இப்படிக் கேட்டால் பதில் வரும். மறுத்தால் வற்புறுத்தாமல், மூன்றாம் நாள் மறுபடி போங்கள்.

அவரே வாய் திறந்து, கணவர் சிறையில் இருக்கிறார் என்றால், 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் தருவார்கள். கேட்டதை ஊரில் பேசாதீர்கள். "வாழப் பிடிக்கலை" என்று சொன்னால் மட்டும் மறைக்காமல், அவரைத் தனியே விடாமல், 104க்கு அழையுங்கள்.

அய்யா உண்டு.